ஜூரி கமென்ட்டுகளை ஷீட்டுகளாக அடுக்குவது எப்படி? ஆர்கிடெக்சர் படிக்க வந்தவர்களுக்கு

மூன்றாம் ஆண்டு மிட் ஜூரியில் ஆறு ஏ1 ஷீட் மாட்டியிருந்தேன். திருச்சி உறையூரில் ஒரு கிளை நூலகம், அதுதான் ப்ராஜெக்ட். வெளியிலிருந்து வந்திருந்த ஜூரர் முதல் இரண்டு ஷீட்டைப் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாவதன் முன்னால் நின்று, "ஏம்மா, இதுக்குள்ள எப்படிப் போறது?" என்று கேட்டார். நுழைவு ஐந்தாவது ஷீட்டில் இருந்தது. நான் ஓடிப்போய் அதைக் காட்டினேன். அவர் அங்கே வந்து, "அப்ப இந்த மரம் எதுக்கு?" என்றார். மரத்துக்கான பதில் இரண்டாவது ஷீட்டில். இப்படியே அங்கும் இங்குமாக இருபது நிமிடம் போனது. கேட்டதில் பாதிக்கு என் ஷீட்டுகளில் பதில் இருந்தது, அவர் நின்ற இடத்தில் மட்டும் இல்லை.

அந்த ஜூரியின் கமென்ட்டுகளை வைத்து ஃபைனல் ஜூரிக்கு நான்கு ஷீட் தயாரித்தேன். இடையில் இருந்தது ஐந்து வாரம். அதில் ஒரு வாரத்தைத் தவறான வேலையில் தொலைத்தேன். அந்த ஒரு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கமென்ட்டை அன்று இரவே, சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்

ஜூரிக்கு முன்பே ஒரு நண்பரிடம் நோட்டைக் கொடுத்து வையுங்கள். பதில் சொல்லிக்கொண்டே எழுத யாராலும் முடியாது. அவர் எழுத வேண்டியது மூன்று விஷயம்: யார் சொன்னார், எந்த ஷீட்டின் முன்னால் நின்று சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் ஷீட் வரிசையை முடிவுசெய்யும்போது அதிகம் உதவுவது அதுதான்.

ஷீட்டுகள் மாட்டியிருக்கும் நிலையில் தொலைவிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு அந்த போட்டோவைப் பார்த்தபடி நண்பரின் குறிப்பையும் உங்கள் ஞாபகத்தையும் சேர்த்து எழுதி, ஒவ்வொரு கமென்ட்டுக்கும் எண் போடுங்கள். எனக்கு 23 வந்தது. மறுநாள் உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும், மீதியில் கோபம் கலந்திருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. "உள்ள எப்படிப் போறது?" என்று அவர் கேட்டதை, நான் முதலில் "சர்குலேஷன் சரியில்லை" என்று எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல. அவர் கேட்டது வாசல் எங்கே என்பதை. நான் எழுதிக்கொண்டதோ கட்டடத்துக்குள் நடக்கும் வழி முழுவதும் கோளாறு என்று. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒரு வாரம் போனது. எப்படிப் போனது என்பது அடுத்ததில்.

2. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கமென்ட்டுகளைத் துண்டுச் சீட்டில் ஒன்றொன்றாக எழுதித் தரையில் பரப்பிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் செய்யலாம்தான், ஆனால் நகர்த்திப் பார்க்கக் காகிதம்தான் வசதி.

முதல் குவியல்: டிசைனே மாற வேண்டியவை. ரீடிங் ஹாலுக்குப் போக ஸ்டோர் ரூம் வழியாகப் போக வேண்டியிருந்தால், அதை எந்த டிராயிங்காலும் காப்பாற்ற முடியாது. எனக்கு இப்படி ஏழு.

இரண்டாவது: டிசைன் சரி, ஆனால் அதைக் காட்டும் டிராயிங்கே இல்லை. எனக்கு ஐந்து.

மூன்றாவது: டிசைனும் இருக்கிறது, டிராயிங்கும் இருக்கிறது, பார்த்தவர் கண்ணில் படவில்லை. எனக்கு எட்டு. மூன்றில் இதுதான் பெரிய குவியல்.

வாசல் பற்றிய கமென்ட் மூன்றாவது குவியலுக்கு உரியது. நான் அதை முதல் குவியலில் போட்டுவிட்டு, வாசலை மேற்குச் சாலையிலிருந்து வடக்குப் பக்கத்துக்கு மாற்றினேன். அது மாறியதும் கழிப்பறை இடம் மாறியது, படிக்கட்டு திரும்பியது, மரத்தடிக்கு வரும் வழி அடைபட்டது. ஸ்டுடியோ சார் பட்டர் ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழைய வாசலுக்கு என்ன குறை?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு குறையும் இல்லை. பழைய இடத்துக்கே திரும்பினேன்.

கமென்ட் எந்தக் குவியல் என்று சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ப்ராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் அதற்குப் பதிலான டிராயிங்கை மட்டும் தனியாக நீட்டி, ஜூரர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் அரை நிமிடத்துக்குள் விரல் வைத்துக் காட்டினால் மூன்றாவது குவியல். தேடித் தேடிப் பார்த்துக் கைவிட்டால் முதலாவது அல்லது இரண்டாவது.

மீதி மூன்று கமென்ட் எதிலும் சேரவில்லை. ஒரு ஜூரர் "மரத்தை விட்டுத் தள்ளிக் கட்டு" என்றார், இன்னொருவர் "மரத்தை ஒட்டியே கொண்டு வா" என்றார். இந்த மாதிரி முரணானவற்றுக்கு இருவரில் ஒருவர் பக்கம் சாய வேண்டாம். இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: இந்த மரம் கட்டடத்தில் என்ன வேலை செய்கிறது? அதற்கு என் பதில் அவர்கள் நின்ற ஷீட்டில் இல்லாததால்தான் இருவரும் தங்கள் பதிலைச் சொன்னார்கள். மூன்றாவது சுவர் நிறம் பற்றியது. அதை விட்டுவிட்டேன்.

குவியல் பிரித்ததை இரண்டு நாளுக்குள் உங்கள் ஸ்டுடியோ ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். ஜூரியில் அவரும் இருந்திருப்பார். அவருக்கும் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

3. ஒரு கேள்விக்கு ஒரு டிராயிங்

கமென்ட்டைக் கேள்வியாக மாற்றி, அதற்குப் பதிலாகும் ஒரே ஒரு டிராயிங்கை முடிவுசெய்யுங்கள். நான்கு டிராயிங் சேர்ந்து பதில் சொன்னால் ஜூரர் அந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கப்போவதில்லை.

என்னுடைய ஏழாவது கமென்ட்டை எடுத்துக்கொள்கிறேன். "மேற்கு பார்த்து ரீடிங் ஹால் வெச்சிருக்க, சாயங்காலம் வெயில் மூஞ்சியில அடிக்காதா?" சைட்டின் மேற்கு எல்லைதான் சாலை. சாலையைப் பார்த்து ஹால் இருக்க வேண்டும் என்பது என் முடிவு, ஆகவே திசையை மாற்ற முடியாது. மிட் ஜூரியில் இதற்குப் பதிலாக நான் மாட்டியிருந்தது வட்டமான சன் பாத் டயகிராம். இணையத்தில் கிடைத்ததை அப்படியே ஒட்டியிருந்தேன். அது சூரியன் எங்கே போகிறது என்று சொல்லும், என் ஹாலில் உட்கார்ந்தவர் முகத்தில் வெயில் படுமா என்று சொல்லாது.

அதற்குத் தேவை ஒரு செக்‌ஷன். திருச்சியில் மார்ச் 21 வாக்கில் மாலை நாலேகால், நாலரை மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில், தரையிலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். ஹாலுக்கு முன்னால் 2.4 மீட்டர் அகலத்தில் தாழ்வாரம். அதன் கூரை விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர். அந்த விளிம்பிலிருந்து 30 டிகிரியில் ஒரு கோடு இழுத்தால், அது ஹாலின் சுவரை வந்து தொடும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஜன்னல் தொடங்குவது 75 சென்டிமீட்டரில். அதாவது அந்த நேரத்தில் வெயில் ஜன்னலுக்குக் கீழே சுவரில்தான் விழுகிறது. அதற்கு மேல் பொழுது சாயச் சாய வெயில் உள்ளே வரும், அதற்கு மூங்கில் தட்டி. ஒரு கோடு, ஒரு கோணம், இரண்டு அளவு, தட்டியின் படம். சன் பாத் டயகிராமைத் தூக்கிவிட்டேன்.

இப்படி வரையும்போது ஸ்கேலையும் அப்போதே முடிவுசெய்யுங்கள். சைட் கிழக்கு மேற்காக 42 மீட்டர், சாலையோரமாக 30 மீட்டர். 1:100ல் அது 42க்கு 30 சென்டிமீட்டர். ஏ1 தாள் 59.4க்கு 84.1 சென்டிமீட்டர் என்பதால் நெட்டாக வைத்தாலும் பிளான் தாராளமாக உட்காரும். முழு செக்‌ஷனையும் 1:50ல் போட்டால் 84 சென்டிமீட்டர், நெட்டுத் தாளில் அடங்காது. எனக்குத் தேவை தாழ்வாரமும் ஹாலும் சேர்ந்த மேற்குப் பக்கம் 12 மீட்டர் மட்டும்தான். 1:50ல் அது 24 சென்டிமீட்டர். முழு கட்டடத்தையும் எல்லா ஸ்கேலிலும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

4. வரிசை: அவர்கள் கேட்ட வரிசைதான்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறோம். நாம் வேலை செய்த வரிசையில் மாட்டுகிறோம்: கேஸ் ஸ்டடி, சைட் அனாலிசிஸ், பபுள் டயகிராம், கான்செப்ட், அப்புறம் பிளான். இது நம் டைரி. பார்க்க வருகிறவர் கட்டடத்துக்குள் நுழையக் காத்திருக்கிறார், நாம் அவரை மூன்று ஷீட் வரைக்கும் வாசலுக்கு வெளியே நிற்க வைக்கிறோம். எனக்கு நடந்தது அதுதான்.

கமென்ட் பட்டியலில் யார் எந்த ஷீட்டின் முன்னால் கேட்டார் என்று எழுதி வைத்தீர்களே, அதை இப்போது எடுங்கள். கேள்விகளைக் கேட்ட நேர வரிசையில் அடுக்குங்கள். என்னுடையதில் மூன்று ஜூரர்களும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் கேட்டிருந்தார்கள். முதலில் எப்படி உள்ளே போவது, அடுத்து மரம், அப்புறம் எங்கே உட்கார்ந்து படிப்பது, வெயில், கடைசியில்தான் எப்படிக் கட்டுவது. ஒரு மனிதர் சாலையிலிருந்து நடந்து வந்து உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்க்கும் வரிசை அது.

ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு ஷீட்டாக வைத்துப் பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் இதைக் குறைந்தது மூன்று தடவை செய்யுங்கள். எனக்குக் கடைசியில் வந்தது இது:

ஷீட் 1: சாலையில் நின்று பார்க்கும் வியூ பெரிதாக, கீழே 1:200ல் சைட் பிளான். வாசல் இரண்டிலும் தெரிய வேண்டும்.

ஷீட் 2: 1:100ல் தரைத்தளம். அதற்கு நேர் கீழே, அதே அகலத்தில், மரத்தின் வழியாக வெட்டிய செக்‌ஷன்.

ஷீட் 3: 1:50ல் ரீடிங் ஹால் செக்‌ஷன், வெயில் கோட்டுடன். ஓரத்தில் முதல் தளம்.

ஷீட் 4: கூரையையும் தூண்களையும் பிரித்துக் காட்டும் ஆக்சனோமெட்ரிக், தாழ்வார விளிம்பின் டீடெயில்.

கேஸ் ஸ்டடி எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் அலைந்து சேகரித்ததை விட மனசு வரவில்லைதான். ஆனால் அதிலிருந்து நான் உண்மையில் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: செருப்பு விடும் திண்ணையையே உட்காரும் இடமாகவும் வைப்பது. அது ஷீட் 1ல் கட்டைவிரல் அளவு போட்டோவாக வாசலுக்குப் பக்கத்தில் போனது. மீதி எல்லாம் ஏ3 ரிப்போர்ட்டில் மேஜை மேல் இருந்தது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. சில கல்லூரிகளில் சைட் அனாலிசிஸ் ஷீட்டுக்கென்று தனி மதிப்பெண் உண்டு. ப்ராஜெக்ட் ப்ரீஃபில் கேட்டிருக்கும் டிராயிங் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் எதையும் கழற்றுங்கள். கேட்டிருந்தால் கடைசி ஷீட்டாக மாட்டலாம்.

ஒவ்வொரு ஷீட்டுக்கும் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். "தரைத்தளப் பிளான்" என்பது பார்த்தாலே தெரிகிறது, அதைத் தலைப்பில் வேறு சொல்ல வேண்டாம். "எல்லா வழியும் வேப்பமரத்தைச் சுற்றியே போகிறது" என்றால் பிளானில் எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நான்கு தலைப்புகளை மட்டும் வேறு டிபார்ட்மெண்ட் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் "திடீர்னு எங்கயோ போகுது" என்றாள். ஷீட் 3 வெயிலில் முடிய, ஷீட் 4 தூண் இடைவெளியில் தொடங்கியது. ஷீட் 4ன் தொடக்கத்தைத் தாழ்வாரக் கூரையின் டீடெயிலுக்கு மாற்றியதும் ஒட்டிக்கொண்டது.

5. லேஅவுட்: ஒன்று பெரிது, மற்றவை சிறிது

ஷீட்டில் ஒரே ஒரு டிராயிங்தான் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஜூரருக்குத் தெரிய வேண்டும். எல்லாம் சம அளவில் இருந்தால் எதுவும் தெரியாது. எல்லா ஷீட்டிலும் வடக்கு மேலே இருக்கட்டும். தாள் நிரம்பவில்லை என்று ஒரே ஒரு பிளானைத் திருப்பி வைத்தேன், மிட் ஜூரியில் மூன்று நிமிடம் அதற்கே போனது.

வெட்டுப்பட்ட சுவர்க் கோடு 0.5 மி.மீ., தொலைவில் தெரிபவை 0.13 என்று வைத்தால் பிளான் தானாகப் பேசும். எழுத்து 16 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம். தமிழில் தலைப்பு வைப்பதானால் இன்னும் கொஞ்சம் பெரிதாக, கொம்பும் சுழியும் அடைத்துக்கொள்ளாதபடி.

6. பிரிண்ட்: செலவும் நேரமும்

ஜூரிக்கு மூன்று நாள் முன்னால் ஷீட்டை மூடிவிடுங்கள். முந்தின இரவு பிளாட்டர் கடையில் உங்கள் வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்கும்.

முதலில் ஏ3யில் சோதனைப் பிரிண்ட் எடுங்கள். ஏ1ஐ ஏ3 ஆக்கினால் நீள அகலம் சரியாகப் பாதியாகும், 16 பாயின்ட் எழுத்து 8 ஆகும், 1:100 பிளான் 1:200 ஆகும். கையில் பிடித்துப் படிக்க முடிந்தால் சுவரிலும் படிக்க முடியும். எனக்கு நான்கு கலர் ஏ3க்கு நூறு ரூபாய்க்குள் ஆனது. அதில் கண்டுபிடித்த தவறுகள் பதினொன்று.

ஏ1க்கு விலை கேட்கும்போது, மை எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். கோட்டு டிராயிங்குக்கு ஒரு விலை, தாள் முழுக்கக் கலர் நிரம்பிய ரெண்டரிங்குக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று எனக்குச் சொன்னார்கள். பின்னணியைக் கறுப்பாக வைக்கும் ஆசையை அங்கேயே விட்டேன். பளபளப்பான போட்டோ பேப்பரும் வேண்டாம். ஸ்டுடியோ டியூப்லைட் அதில் நீளக் கோடாக விழுந்து நடுவில் இருப்பதை மறைத்துவிடும்.

படங்கள் ஏ1 அளவில் 150 டிபிஐ போதும். அதற்கு மேல் வைத்தால் ஃபைல் கனத்து, கடைக்காரர் கம்ப்யூட்டர் திணறும். எழுத்துருக்களைப் பிடிஎஃப்புக்குள் எம்பெட் செய்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். ஃபைல் பெயரிலேயே வரிசை எண் இருக்கட்டும்:

```
LIB_01_A1.pdf
LIB_02_A1.pdf
```

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிரிண்ட் விண்டோவில் `Fit` இருந்தால் `Actual size` என்று மாற்றச் சொல்லுங்கள். `Fit` தாளின் ஓரத்துக்குள் அடக்குவதற்காகப் படத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஜூரர் ஸ்கேல் வைத்து அளந்தால் 3 மீட்டர் அறை 2.9 என்று வரும். முதல் ஷீட் வெளியே வந்ததும் ஸ்கேல் பாரை நீங்களே அளந்து பாருங்கள்: 1:100ல் 5 மீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் மட்டும் மற்ற மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். மை காய்ந்த பிறகு சுருட்டுங்கள், மழைக்காலமானால் பாலிதீன் உறை.

7. மாட்டும் நாள்

இடமிருந்து வலமாக, ஷீட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். சாஃப்ட் போர்டு அகலம் போதாமல் இரண்டு இரண்டாக மேலும் கீழும் மாட்ட வேண்டி வந்தால் வரிசை குழம்பும், ஆகவே அகலத்தை முந்தின நாளே டேப் வைத்து அளந்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரே ஒரு ஏ4 வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் மிட் ஜூரியின் கமென்ட் எண், வலப்பக்கம் அதற்கான பதில் எந்த ஷீட்டில், எந்த டிராயிங்கில். விட்டுவிட்ட கமென்ட்டுக்கு எதிரே ஏன் விட்டேன் என்று ஒரு வரி. கேட்டால் நீட்டலாம், கேட்காவிட்டால் மடித்து வைக்கலாம்.

அதே ஜூரர்தான் வந்திருந்தார். முதல் ஷீட்டில் வாசலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் மரத்தையும் செக்‌ஷனையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவதில் வெயில் கோட்டின் மேல் விரலை வைத்துச் சுவர் வரைக்கும் இழுத்தார். நான்காவதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இரண்டாவதற்கு வந்து, "சரிம்மா, மழை பெஞ்சா இந்த மரத்தடித் தண்ணி எங்க போகும்?" என்றார்.

அதற்கு எந்த ஷீட்டிலும் பதில் இல்லை. பின்னால் நோட்டுடன் நின்ற தோழி, எண் 1, ஷீட் 2 என்று எழுதிக்கொண்டிருந்தாள்.